கசவுச் சேலை கைத்தறியா, விசைத்தறியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. பேச்சு தமிழ், கடை போர்டு மலையாளம், ஓணம் வந்தால் எல்லார் வீட்டிலும் கசவுச் சேலை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நெசவாளர் கொண்டுவரும் சேலையை விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். அதனால் ஆவணி பிறக்கும் முன்பே சேலைப் பையோடு ஆள் வர ஆரம்பித்துவிடும். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது வெள்ளைப் பருத்தியில் ஜரிகைக் கரை போட்ட கேரளச் சேலைக்கும் இரண்டு துண்டாக உடுத்தும் செட் முண்டுக்கும் மட்டும். பட்டுக்கு வேறு கணக்கு.

அக்கா, தொட்டுப் பார்த்தாலே கைத்தறி தெரிஞ்சுடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. நிஜமா?

தெரியாது. எனக்கும் தெரியாது. கை சொல்வது நூல் எவ்வளவு மெல்லிசு, கஞ்சி எவ்வளவு என்பதை. இரண்டுமே தறியைப் பொறுத்தவை அல்ல. விசைத்தறிச் சேலைக்கும் கஞ்சி போடுகிறார்கள், அதே நூலைத்தான் வாங்குகிறார்கள். அங்கங்கே நூல் தடித்துத் திப்பி திப்பியாக இருந்தால் கைத்தறி என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படித் திப்பி வைத்தே நூற்ற நூல் மில்லில் கிடைக்கிறது. "கைத்தறி மாதிரி" தெரிய வேண்டும் என்றே அதை விசைத்தறியில் போடுவதும் உண்டு. நல்ல 100 நம்பர் நூலில் கைதேர்ந்த நெசவாளி நெய்த சேலையில் திப்பி தேடினால் கிடைக்காது.

உங்கள் மாமியார் வாங்கிய காலத்தில் கேரளச் சேலை என்றாலே பெரும்பாலும் கைத்தறி. எதைத் தொட்டிருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

அப்போ எதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது?

இரண்டு தறிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

குழித்தறி என்னும் கைத்தறியில் உட்கார்ந்தவர் காலால் மிதிக்கிறார், கையால் கயிற்றை இழுத்து, குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை ஓடவிடுகிறார், ஒவ்வொரு ஊடை நூலையும் அச்சுப் பலகையால் அடித்துச் சேர்க்கிறார். கொஞ்சம் நெய்ததும் நிறுத்தி, நெய்த துணியைச் சுற்றிவிட்டு, துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியை நகர்த்திக் குத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார். அடியின் வேகம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சுற்றிவிட்ட உடனே விழும் நூலும் சுற்றுவதற்கு முன் விழுந்த நூலும் ஒரே நெருக்கத்தில் இருக்காது. விசைத்தறியில் துணியைச் சுற்றுவது பல்சக்கரம். நூல் விழ விழ அதே அளவு நகர்த்திக்கொண்டே போகும். அதற்குக் காலையும் இல்லை, மத்தியானமும் இல்லை.

ஆகவே பார்க்க வேண்டியது ஊடை நூலின் நெருக்கம், குச்சி குத்திய தடம், பூவுக்குப் பூ உள்ள இடைவெளி. மூன்றிலும் கைத்தறி லேசாக அலையும், விசைத்தறி அலையாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த அடையாளங்களை வைத்து "இது விசைத்தறி" என்று பல சமயம் அடித்துச் சொல்லலாம். "இது கைத்தறியேதான்" என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. தானாகச் சுற்றும் சக்கரம் பூட்டிய கைத்தறியும் இருக்கிறது. அதில் வரும் துணி ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

ஓரத்தைப் பார்த்தா போதும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பாதிதான் சரி. சேலையின் நீள ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடா ஓடும் தறியில் ஊடை நூல் ஓரம் வரை போய் வளைந்து திரும்பும், ஓரம் மூடியிருக்கும். நாடா இல்லாத புதிய இயந்திரத் தறியில் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக வெட்டுப்படும். ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு நுனி பிரஷ் போல நிற்கும், அல்லது நுனியை உள்ளே மடித்துவிட்டதால் ஓரம் மட்டும் ஒரு விரற்கடை தடித்திருக்கும். இது கண்ணில் பட்டால் பேச்சே வேண்டாம், இயந்திரம்தான்.

ஓரம் மூடியிருந்தால் கைத்தறி என்று ஆகிவிடாது. நம் பக்கத்தில் ஓடும் பழைய விசைத்தறிகளில் பெரும்பாலானவை நாடாத் தறிதான். அதிலும் நூல் வளைந்துதான் திரும்பும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஓரத்தையொட்டி ஊசித் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கைத்தறிக் குச்சியின் முனை ஊசி, நகர்த்தும் இடத்தில் மட்டும் குத்தும். அதனால் ஓட்டை சில அங்குலத்துக்கு ஒருமுறை, இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே வரும், இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. விசைத்தறியில் முள் வைத்த வளையம் உருண்டுகொண்டே துணியைப் பிடிக்கும், பொடிப்பொடிப் புள்ளி வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நனைப்பு நனைத்தால் இரண்டும் மறைந்துவிடும். ஆகவே புதுச் சேலையில் மட்டுமே இது உதவும்.

ஊடை நூலை எண்ணணும்னா லென்ஸ் வேணுமே, வீட்டுல எப்படி?

போன் கேமரா போதும். சேலையை இழுக்காமல் மேசையில் பரப்பி, அதன் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வையுங்கள். கிட்டப் போய்ப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, ஒரு அங்குலத்துக்குள் எத்தனை குறுக்கு நூல் என்று எண்ணுங்கள். உடல் பகுதியில் ஒரு முழத்துக்கு ஒரு இடம் என்று ஆறு இடம். ஒரே இடத்தில் எண்ணினால் ஒன்றும் தெரியாது, எண்ணிக்கை கூடுதலா குறைவா என்பதும் முக்கியமில்லை. ஆறுக்கும் நடுவே எவ்வளவு அலைகிறது என்பதுதான் கேள்வி.

கண்ணாலேயே பார்க்கவும் வழியுண்டு. ஜன்னலுக்கு எதிரே ஒற்றைப் படலமாகச் சேலையைத் தூக்கிப் பிடித்தால், நெசவாளி நிறுத்தித் தொடங்கிய இடத்தில் அடர்த்தியாகவோ நெகிழ்வாகவோ ஒரு மெல்லிய குறுக்குக் கோடு தெரியும். விசைத்தறியிலும் நூல் அறுந்து நின்ற இடத்தில் இப்படி வரும் என்பதால் ஒரு கோட்டைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்.

பூ போட்ட சேலைன்னா பின்பக்கம் பார்க்கச் சொல்றீங்க. அங்க என்ன இருக்கு?

முந்தியில் மயிலோ மாங்காயோ இருந்தால் புரட்டுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் தனிச் சின்னக் கண்டில் ஜரிகை வைத்து கையால் கோத்து நெய்திருந்தால், அந்த ஜரிகை பூவுக்குள்ளேயே போய்த் திரும்பும். பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது, வெட்டிய நுனியும் அதிகம் இருக்காது. ஜரிகையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடவிட்டு, பூ இல்லாத இடத்தில் பின்னால் தொங்குவதைக் கத்தரித்திருந்தால் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் மீசைபோல நுனி நிற்கும்.

மீசை இருந்தால் விசைத்தறி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி வைத்த கைத்தறியிலும் இப்படி நெய்து கத்தரிப்பது உண்டு. மீசை இல்லாமல், ஜரிகை பூவுக்குள்ளேயே திரும்பியிருந்தால் அது கைவேலைக்கு நல்ல சாட்சி, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

நீங்க பார்த்ததுல ஒரு சேலையை முழுசா சொல்லுங்களேன்.

போன ஓணத்துக்கு முன் பக்கத்து வீட்டுத் தங்கை ஒரு சேலை கொண்டுவந்தாள். நெடுஞ்சாலையோரம் பெரிய கடை, வாசலில் "கைத்தறி" என்று போர்டு. விலை 1,450 ரூபாய். முந்தியில் எட்டு மயில். அட்டையில் கேரளா ஹேண்ட்லூம் என்று பொன் எழுத்து, அதற்குக் கீழே ஜிஐ என்று ஒரு வரி, மூலையில் கியூஆர் கோடு.

முதலில் ஓரம். மூடித்தான் இருந்தது, ஆகவே அதை ஒதுக்கிவைத்தேன். ஓரத்தையொட்டிப் பொடிப் புள்ளி, ஒரு சாண் தூரம் தொடர்ந்து பார்த்தேன், விடாமல் வந்தது. ஆறு இடத்தில் ஊடை எண்ணினோம்: 68, 68, 69, 68, 68, 68. என் பீரோவில் இருந்த குத்தாம்புள்ளிக் கைத்தறிச் சேலையை எடுத்து அதே ஸ்கேலை வைத்தோம்: 66, 71, 69, 64, 70, 68. மயிலின் அலகிலிருந்து அடுத்த மயிலின் அலகு வரை நீளவாக்கில் அளந்தால் அவள் சேலையில் எல்லாமே ஒரே அளவு. என்னுடையதில் பூவுக்குப் பூ மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. பின்பக்கம் ஜரிகை நுனி ஷேவிங் செய்தது போல ஒரே உயரத்தில் வெட்டியிருந்தது.

கியூஆர் கோடைத் தட்டினால் அந்தக் கடையின் சொந்தப் பட்டியல் திறந்தது. பில்லில் எழுதியிருந்தது: "காட்டன் சாரி, 1 பீஸ்."

அந்த வரிதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. போர்டில் எழுதியதை, அட்டையில் அச்சடித்ததை, கணக்கில் வரும் தாளில் எழுதவில்லை. "திரும்பப் போய், பில்லில் கைத்தறி என்று எழுதித் தரச் சொல்" என்றேன். போனாள். எழுத மாட்டோம், வேண்டுமானால் வேறு சேலை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்களாம். மாற்றி, 900 ரூபாய்க்கு விசைத்தறிச் சேலை ஒன்றும் மிச்சத்துக்குக் குழந்தைக்குப் பாவாடையும் வாங்கிவந்தாள். அந்தச் சேலை நன்றாகத்தான் இருக்கிறது. விசைத்தறி ஒன்றும் பாவமில்லை, கைத்தறி விலைக்கு அதை விற்பதுதான் தப்பு.

டேக்ல இத்தனை முத்திரை இருக்கே, எதுக்கு என்ன அர்த்தம்?

ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்குத்தான் பதில். எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் பார்த்தால் எல்லாமே "ஒரிஜினல்" என்று சொல்வது போலத் தோன்றும்.

"எந்தத் தறி?" என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்வது கைத்தறி முத்திரை, ஹேண்ட்லூம் மார்க். மத்திய அரசு 2006இல் கொண்டுவந்தது. ஜவுளிக் குழு, அதாவது டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி, பதிவு செய்த நெசவாளர்க்கும் சங்கங்களுக்கும் லேபிள் கொடுக்கிறது. நீள நூலான பாவும் ஊடையும் பின்னிக் கிடப்பது போன்ற சின்னம், கீழே ஹேண்ட்லூம் என்ற எழுத்து. ஒரு சேலைக்கு ஒரு லேபிள், ஒவ்வொன்றிலும் தனி எண். புதியவற்றில் கியூஆர் கோடும் உண்டு. handloommark.gov.in அரசுத் தளம். கோடு அங்கே போகிறதா, கடையின் சொந்தத் தளத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். லேபிளை யார் பெயரில் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், கடைக்காரர் "இன்ன சங்கத்துச் சரக்கு" என்று சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். லேபிள் துணியில் தைத்திருக்க வேண்டும். அட்டையில் அச்சடித்த சின்னத்துக்கு மதிப்பில்லை. தைத்த இடத்தில் பழைய தையல் ஓட்டை தெரிந்தால் வேறு துணியிலிருந்து பிரித்து ஒட்டியதோ என்று சந்தேகப்படுங்கள்.

இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு அதற்கு மேல் ஒரு படி. 2015 ஆகஸ்ட் 7, முதல் தேசியக் கைத்தறி நாளன்று சென்னையில் தொடங்கியது. கைத்தறியாக இருந்தால் மட்டும் போதாது, நூலும் சாயமும் நெசவும் சோதனையில் தேற வேண்டும். சாதாரணக் கசவுச் சேலையில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

ஜிஐ என்னும் புவிசார் குறியீடு "எந்த ஊர்?" என்பதற்குப் பதில். பாலராமபுரம், சேந்தமங்கலம், குத்தாம்புள்ளி, காசர்கோடு துணிகளுக்கு இது உண்டு. அந்தப் பெயரில் விற்கும் துணி எப்படி நெய்யப்பட வேண்டும் என்று பதிவில் எழுதியிருக்கிறார்கள், அதில் கைத்தறியும் சேர்த்தி. ஆனால் யாரும் ஒவ்வொரு சேலையாகப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. ஊருக்குக் குறியீடு இருக்கிறது என்பதால், அந்த ஊர்ப் பெயரை அட்டையில் அடித்த சேலை அங்கே நெய்ததாகிவிடாது. குத்தாம்புள்ளித் தெருவிலேயே வெளியூர் விசைத்தறிச் சரக்கு விற்பனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போய் வாங்கினேன் என்பது சாட்சியாகாது. தறியில் இருக்கும் சேலையைக் காட்டச் சொல்லி, அதே பாவில் முன்பு இறங்கியதை வாங்கினால் அது வேறு.

சில்க் மார்க் "என்ன நூல்?" என்பதற்கு. பட்டு என்று மட்டும் சொல்லும், தறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. "100% காட்டன்" என்பதும் அப்படியே. "100 கவுண்ட்" என்றால் நூலின் மெல்லிசு.

"ஹேண்ட்லூம் ஃபினிஷ்", "ஹேண்ட்லூம் டைப்"னு போட்டிருக்கு?

விசைத்தறி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஜரிகை கறுத்துப்போச்சு, அப்போ விசைத்தறிதானே?

இல்லை. கைத்தறியிலும் மட்டமான ஜரிகை ஓடும், விசைத்தறியிலும் நல்லது ஓடும். வெள்ளி இழையில் பொன் பூச்சு, செம்புக் கம்பியில் பூச்சு, பளபளக்கும் பிளாஸ்டிக் இழை என்று வகை உண்டு. ஜரிகை எது என்று தனியாகக் கேளுங்கள், அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கொளுத்திப் பார்க்கும் சோதனையும் இதே கதை. நூல் நுனி காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி, உருகிக் குண்டுமணியாக இறுகினால் பாலியஸ்டர் கலப்பு. தறி எது என்று நெருப்புக்குத் தெரியாது.

600 ரூபாய்க்குக் கைத்தறிக் கசவுச் சேலை வருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூ எதுவும் இல்லாத சேலைக்கே தறியில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். அதற்கு முன் பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, இழை பிணைப்பது, நாடாவுக்கான தாரில் நூல் சுற்றுவது எல்லாம் வேறு ஆள் வேலை. நாள் கூலி 500 என்று குறைத்தே வையுங்கள், அதன்மேல் நூல், ஜரிகை, சங்கத்துச் செலவு, கடை லாபம். 600க்குள் எதை அடக்குவது? ஓணத் தள்ளுபடியில் விலை இறங்கும், அது வேறு. மறுபக்கம், 3,000 கொடுத்தால் கைத்தறி நிச்சயம் என்றும் நினைக்க வேண்டாம். விலை குறைவு சந்தேகத்துக்குக் காரணம், விலை அதிகம் எதற்கும் ஆதாரமில்லை.

கைத்தறிக்குன்னு சட்டம் இருக்காமே, விசைத்தறிக்காரங்க சேலையே நெய்யக் கூடாதா?

நெய்யலாம். 1985இல் வந்த சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. தொடக்கத்தில் 22 வகை, இப்போது 11. கரையிலோ உடலிலோ கூடுதல் பாவு அல்லது கூடுதல் ஊடை போட்டு வேலைப்பாடு செய்த பருத்திச் சேலை அந்தப் பட்டியலில் வரும். வெறும் வெள்ளைச் சேலையோ அச்சுச் சேலையோ வராது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று அந்தச் சட்டம் வந்தபோது வைத்திருந்தார்கள். ஆனால் இது நெய்கிறவர் மேல் பாயும் சட்டம். உங்களுக்குக் கடைக்காரர் பொய் சொல்லி விற்றதற்கு இதைக் கொண்டு போய்ப் பயனில்லை, அது நுகர்வோர் வழக்கு.

ஏமாந்துட்டேன், இனி என்ன செய்ய?

சேலையை நனைக்காதீர்கள், மடிப்பைக் கலைத்தாலும் அட்டையையும் லேபிளையும் பிய்க்காதீர்கள். போர்டையும் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்கே போய், பில்லில் கைத்தறி என்று எழுதித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எழுதியும் கொடுத்து, பிறகு விசைத்தறி என்று தெரிந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பில் எண், தேதி, கொடுத்த தொகை, "கைத்தறி" என்று எங்கே எழுதியிருந்தது, இந்த நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் என்னிடம் வந்தாலும் ஊடையை எண்ணிச் சொல்வேன், அவ்வளவுதான்.